பார்ஸ்னிப் போட்ட சாம்பார் இனிக்கிறது: குளிர் நாட்டுக் கிழங்குகளை எதில் சேர்ப்பது?

புதுக்குடித்தனம்

வணக்கம். வேலைக்காகக் குளிர் நாடு ஒன்றுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சைவம், முட்டையும் கிடையாது. பால், தயிர் உண்டு. பொதுச் சமையலறை, கண்ணாடித் தளம் போட்ட மின் அடுப்பு. என்னிடம் இருப்பது மூடியோடு ஒரு குழிப் பாத்திரம், ஒரு அகலமான வாணலி. குக்கரும் இல்லை, மிக்ஸியும் இல்லை. கொண்டுவந்த சாம்பார் பொடி, புளி, பெருங்காயம், கடுகு, வெந்தயம், சீரகம், மிளகு, மிளகாய்த்தூள், காய்ந்த மிளகாய் எல்லாம் போதுமான அளவு இருக்கின்றன. துவரம்பருப்பு பக்கத்தில் கிடைக்கவில்லை. சிவப்பு மைசூர் பருப்பு எல்லாக் கடையிலும் இருக்கிறது.

சிக்கல் காய்கறிதான். கத்தரிக்காய், வெண்டைக்காய் இருக்கிற விலைக்கு வாங்க முடியாது. மலிவாக மலைபோல் குவிந்திருப்பவை ரூட்டபாகா என்ற மஞ்சள் உருண்டைக் கிழங்கு, வெள்ளைக் கேரட் மாதிரி பார்ஸ்னிப், வேர் முடியோடு கரடுமுரடாக இருக்கும் செலரியாக், முட்டைக்கோஸ், கேல் கீரை, லீக். கேரட் மாதிரிதானே என்று பார்ஸ்னிப்பைச் சாம்பாரில் போட்டேன். வாசனை எல்லாம் சரியாக வந்தது, வாயில் வைத்தால் இனிப்பு. இந்தக் காய்களை வைத்து வாரம் முழுக்க வீட்டுச் சாப்பாடு போலச் சமைக்க வழி உண்டா?

ரயில்சிநேகம்

தம்பி, அடுத்த தடவை வரும்போது வத்தல் வகை நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர்மிளகாய். பெட்டியில் எடையே தெரியாது. நன்றாகக் கட்டி, மேலே துணியை வையுங்கள். புதுக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம், பல நாடுகளில் பச்சை இலையை எல்லையிலேயே எடுத்துவிடுவார்கள்.

புதுக்குடித்தனம்

நன்றி அண்ணா, ஆனால் நான் ஏற்கெனவே வந்துவிட்டேன். இங்கே கிடைக்கிற காயைப் பற்றித்தான் கேட்கிறேன்.

வெண்பொங்கல்

ரொம்ப எளிது. இனிப்பாக இருந்தால் புளியைக் கூட்டுங்கள். காய், பருப்பு, புளித்தண்ணீர், பொடி, உப்பு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தால் 30 நிமிடத்தில் ஒரே கொதியில் முடிந்துவிடும். மைசூர் பருப்புக்கு ஊறவைக்கும் வேலையே இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் வசதி.

அடுப்படி அக்கா

மைசூர் பருப்பைப் பற்றி வெண்பொங்கல் சொன்னது சரி. 15, 20 நிமிடத்தில் குக்கர் இல்லாமலே குழைந்துவிடும். ஆரம்பத்தில் நுரை பொங்கும். அதனால் முதல் கொதி வரும்வரை மூடாதீர்கள், நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். கண்ணாடி அடுப்பில் வழிந்து காய்ந்தால் சுரண்டுவது பெரும்பாடு.

மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. தம்பி, கேரட் மாதிரி இருக்கிறது, முள்ளங்கி மாதிரி இருக்கிறது என்று உருவத்தைப் பார்த்துக் காயை மாற்றாதீர்கள். துண்டை வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்து வாயில் போட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதிய காய்களில் பாதி இனிப்பவை, பாதி கோஸ் வாசனை அடிப்பவை. இனிக்கிற காய்க்குச் சாம்பார் சரியான இடமே இல்லை. பருப்பும் ஒரு மெல்லிய இனிப்புத்தான், கொத்தமல்லி விதை கலந்த பொடியும் அந்தப் பக்கம்தான் சாயும். இரண்டோடு பார்ஸ்னிப்பும் அரை மணி நேரம் கொதித்தால் சர்க்கரை குழம்பில் இறங்கிவிடும். அதற்கு மேல் புளியை மட்டும் கூட்டினால் புளிப்பும் இனிப்புமாக மாங்காய்ப் பச்சடிப் பக்கம் போகும், சாம்பாராகத் திரும்பாது.

இப்போது இருக்கிற பாத்திரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் பார்ஸ்னிப் துண்டுகளை எடுத்துவிடுங்கள். ஒரு கரண்டி எண்ணெயில் அரை ஸ்பூன் வெந்தயத்தை நன்றாகச் சிவக்க வறுத்து, காய்ந்த மிளகாய் மூன்று, பெருங்காயம் போட்டுத் தாளித்துக் கொட்டுங்கள். லேசான கசப்பும் காரமும் சேர்ந்தால்தான் இனிப்பு அடங்கும். எடுத்த துண்டுகளை வாணலியில் மிளகுத்தூளோடு பிரட்டித் தொட்டுக்கொள்ளலாம்.

ஆய்வகத்து நித்யா

பார்ஸ்னிப் ஏன் இவ்வளவு இனிக்கிறது என்றால், குளிரில் அந்தக் கிழங்கு தன்னிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. இங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் உறைபனி விழுந்த பிறகுதான் அதைப் பிடுங்குவார்கள், அப்போதுதான் ருசி என்பார்கள். ஆக, நடுக்குளிரில் வாங்குவது இன்னும் இனிக்கும். பெரிய கிழங்காக இருந்தால் நடுத்தண்டு நார்க்கட்டை மாதிரி இருக்கும். நீளவாக்கில் நான்காகப் பிளந்து அதை வெட்டி எறிந்துவிடுங்கள், எவ்வளவு வேகவைத்தாலும் அது மெத்தென்று ஆகாது.

பழையசோறு

வாசனை என்றதும் என் கதை. தாளிக்கும்போது புகை எச்சரிக்கை மணி அடித்து, மொத்தக் கட்டடமும் குளிரில் வெளியே நின்றது. அதற்குப் பிறகு நான் தாளிப்பதையே விட்டுவிட்டேன். பெருங்காயத்துக்கும் வீட்டில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இதற்கு யாராவது வழி சொல்லுங்கள், காய்கறி அப்புறம்.

அடுப்படி அக்கா

பழையசோறு, மின் அடுப்பில் தாளிக்கும் முறையே வேறு. வாயு அடுப்பில் திருகைக் குறைத்தால் சூடு உடனே குறையும். இங்கே திருகைக் குறைத்தாலும் தட்டு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும், அதற்குள் மிளகாய் கருகிப் புகைந்துவிடும். நடுத்தரச் சூட்டில் எண்ணெயைக் காயவைத்து, ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். வெடித்தால் மீதியைப் போட்டு மூடிவிடுங்கள். சத்தம் அடங்கும்போது வாணலியையே தட்டிலிருந்து தூக்கிவிட வேண்டும். மிளகாயும் பெருங்காயமும் தூக்கிய பிறகுதான், எண்ணெயில் இருக்கும் சூடே அவற்றுக்குப் போதும். மேலே புகைபோக்கி இருந்தால் எண்ணெய் ஊற்றும் முன்பே ஓடவிடுங்கள். மணியைத் துணியால் மூடுவது, கழற்றுவது வேண்டவே வேண்டாம்.

பெருங்காயத்தைச் சூடான எண்ணெயில் நேரடியாகப் போடாமல், ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குழம்பில் ஊற்றினால் அறையில் வாசனை பாதிதான் பரவும். ருசியும் கொஞ்சம் குறையும், அதை ஒத்துக்கொள்கிறேன். டப்பாவை இறுக மூடி இன்னொரு கண்ணாடிப் புட்டிக்குள் வைத்தால் அலமாரியும் தப்பிக்கும்.

புதுக்குடித்தனம்

அக்கா, வெந்தயத் தாளிப்பு நன்றாகவே வேலை செய்தது. முழுதாகச் சாம்பார் ஆகவில்லை, ஆனால் சாப்பிட முடிந்தது.

நேற்று ரூட்டபாகாவை வெண்பொங்கல் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைத்தேன். அரை மணி தாண்டியும் பருப்பு முழுதாகக் குழையவில்லை, கிழங்கு கடிக்க ரப்பர் மாதிரி இருந்தது. அடுப்பில் கோளாறா? அப்புறம், அந்தக் கிழங்கு வெந்த வாசனை அறையைவிட்டுப் போகவே இல்லை.

ஆய்வகத்து நித்யா

அடுப்பில் கோளாறு இல்லை, புளிதான். காயின் அணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் லேசில் கரையாது. அதனால் கிழங்கு, பருப்பு இரண்டுமே மெத்தென்று ஆக மறுக்கும். உங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டியான தண்ணீராக இருந்தாலும் பருப்பு தாமதமாகும். கெட்டிலில் வெள்ளைப் படிவு படிகிறதா என்று பார்த்தால் தெரியும்.

வெண்பொங்கல்

எனக்கு எப்போதும் வெந்துவிடுகிறதே! ஆனால் நான் குக்கரில் வைக்கிறேன் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுப்படி அக்கா

அதுதான் வித்தியாசம். குக்கரின் அழுத்தத்தில் இந்தக் குறை தெரியாது, திறந்த பாத்திரத்தில் தெரியும். முதலில் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் காய் வேகட்டும். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால்தான் புளி.

ரூட்டபாகாவுக்கு நான் புளியே சேர்ப்பதில்லை. மிளகுக் கூட்டுதான் அதற்கு ஏற்றது. செய்முறையை விரிவாகவே எழுதுகிறேன், உங்கள் இரண்டு பாத்திரம் போதும். இரவுக்கு ஒரு தடவை, மறுநாள் டப்பாவுக்கு ஒரு தடவை என்று கணக்கு.

மைசூர் பருப்பு 100 கிராம், அரை தம்ளர் வரும். ரூட்டபாகா தோல் சீவிய பிறகு 250 கிராம். தோலைக் கத்தியால் தடிமனாக எடுங்கள். சில கடைகளில் வாடாமல் இருக்க மேலே மெழுகு பூசியிருப்பார்கள், மெல்லிய சீவியால் இழுத்தால் அது போகாது. தோலுக்கு அடியில்தான் கசப்பும் அதிகம். சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்குங்கள், பெரிதாக வேண்டாம். இது கோஸ் குடும்பத்துக் கிழங்கு. நேரம் ஆக ஆகக் கந்தக வாசனை கூடிக்கொண்டே போகும். சின்னத் துண்டு என்றால் 12, 15 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். உங்கள் அறையில் நின்ற வாசனை பெரிய துண்டை மூடிவைத்து நெடுநேரம் கொதிக்கவிட்டதால் வந்தது. இந்தக் கிழங்கைத் திறந்துவைத்தே வேகவையுங்கள்.

பருப்பை இரண்டரை தம்ளர் தண்ணீர், மஞ்சள்தூளோடு ஏற்றி, நுரை எடுத்து, 5 நிமிடம் கழித்துக் கிழங்கைச் சேர்த்து உப்பு போடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வேகும். மிக்ஸி இல்லாததால், ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகத்தை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, தடித்த பையில் போட்டுப் பாட்டிலை உருட்டி நொறுக்குங்கள். உலர்ந்த தேங்காய்த் துருவல் கிடைத்தால் மூன்று ஸ்பூனை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து அப்படியே சேர்க்கலாம். பொட்டலத்தில் சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். கேக்குக்கு விற்பதில் பலவற்றில் சேர்த்திருக்கும், நாம் தப்பிக்கப் பார்க்கிற இனிப்பு மறுபடி வந்து உட்காரும். பொடியும் தேங்காயும் போட்டு இரண்டு கொதி. கடைசியில் கடுகு, உளுந்து இருந்தால் உளுந்து, ஒரு காய்ந்த மிளகாய், பெருங்காயம். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.

மைசூர் பருப்பு ஆறினால் களி போல இறுகிவிடும். அதனால் டப்பாவுக்கு எடுத்துவைக்கும் பாதியைக் கால் தம்ளர் வெந்நீர் விட்டுத் தளர்த்தியே மூடுங்கள்.

ரயில்சிநேகம்

தேங்காய்ப்பால் டின் வாங்கி ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே?

அடுப்படி அக்கா

நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது கூட்டு ஆகாது, குருமா மாதிரி வழவழப்பாகும். ஒரு ஆளுக்கு டின்னும் மிஞ்சும். மிஞ்சியதைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், உங்களிடம் இடம் இருந்தால் செய்யுங்கள்.

மாடித்தோட்டம்

பார்ஸ்னிப்பை ஒதுக்கிவிடாதீர்கள். நான் அதைக் காரக்குழம்பில் போடுகிறேன். பருப்பே இல்லாத குழம்பு என்பதால் புளியும் காரமும் முன்னால் நிற்கும், கிழங்கின் இனிப்பு வெல்லம் போடாத குறையைத் தீர்க்கும். துண்டுகளை நல்லெண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து முக்கால் வேக்காடு வந்த பிறகு புளியை ஊற்றுகிறேன். சின்ன வெங்காயத்துக்குப் பதில் லீக்கின் வெள்ளைப் பகுதி. லீக்கை நீளமாகப் பிளந்து, மடிப்பு மடிப்பாக விரித்துக் கழுவ வேண்டும், உள்ளே மண் இருக்கும். மேல் பச்சை முரட்டு இலையை வதக்கினாலும் நார்தான்.

புளி தீர்ந்தால் ருபார்ப் தண்டு நல்ல மாற்று. வேகவைத்து மசித்தால் நல்ல புளிப்பு. இலையைத் தொடாதீர்கள், அது நஞ்சு. தண்டு மட்டும்தான்.

அடுப்படி அக்கா

காரக்குழம்பு யோசனை அருமை, நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். ருபார்ப் எனக்கு ஒத்துவரவில்லை. புளிப்பு இருக்கிறதே தவிர, புளியின் ஆழம் இல்லை. ரசத்தில் போட்டால் பழரசம் குடிப்பது மாதிரி இருக்கிறது. அதோடு அது வசந்த காலத்தில்தான் மலிவாக வரும்.

மாடித்தோட்டம்

ரசத்துக்கு நானும் போடமாட்டேன். பருப்புக் கடைசலில் போட்டுப் பாருங்கள், புளிச்சக்கீரை நினைவு வரும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆய்வகத்து நித்யா

சிறுநீரகக் கல் வந்தவர்கள் ருபார்ப் பக்கம் போக வேண்டாம். தண்டிலும் ஆக்சலேட் உண்டு, பசலை மாதிரியே.

பழையசோறு

செலரியாக்கை யாருமே சொல்லவில்லையே. நான் ஒரு தடவை வாங்கி, அதன் வாசனையைப் பார்த்து மொத்தத்தையும் குப்பையில் போட்டேன்.

அடுப்படி அக்கா

அது சேப்பங்கிழங்கு இடத்துக்கு வரும், வறுவல் செய்தால் மட்டும். குழம்பில் போட்டால் அதன் வாசனைதான் குழம்பின் வாசனை. கத்தியால் தடிமனாகத் தோல் எடுங்கள், கால் பங்கு வீணாகத்தான் போகும், அதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள். நறுக்கினால் உடனே பழுப்பேறும், எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடுங்கள். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 4 நிமிடம், பிறகு வடித்துத் துணியில் ஈரம் போக உலர்த்துங்கள். இந்த உலர்த்தலைத் தவிர்த்தால் வறுவல் அவியலாகிவிடும். வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி மூன்று நிமிடம் கிளறாமல் விடுங்கள். ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு புரட்டி, மிளகாய்த்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு தூவுங்கள். சிவக்கச் சிவக்க அந்தப் பச்சை வாசனை குறையும். சோம்பு மட்டும் சேர்க்காதீர்கள், அந்த வாசனையை இரண்டு மடங்காக்கிவிடும்.

கூட வசிப்பவர்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் முதலில் கேளுங்கள். செலரி வகை சிலருக்கு ஒவ்வாமை தரும்.

புதுக்குடித்தனம்

கூட்டு வைத்தேன் அக்கா. வாசனை நிற்கவில்லை, மிளகு வாசனைதான் வந்தது. மதியம் டப்பாவைத் திறந்தபோது வெந்நீர் விட்டும் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் சோற்றில் பிசைய வந்தது.

அப்படியானால் சாம்பாருக்கு இங்கே எந்தக் காய்தான் சரி? சாம்பார் பொடி ஒரு கிலோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுப்படி அக்கா

டர்னிப், நூல்கோல், வெள்ளை முள்ளங்கி. கடையில் கோல்ராபி என்று எழுதியிருப்பது நம் நூல்கோல்தான். தண்ணீர்ச் சத்து அதிகம், இனிப்பு அடக்கம், முள்ளங்கிச் சாம்பாருக்கு மிக அருகில் வரும். உறைந்த பீன்ஸ் மலிவாக இருந்தால் அதுவும் சரி, கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும். பொடியை ஒரு ஸ்பூன் எண்ணெயில் அரை நிமிடம் பிரட்டிவிட்டுச் சேருங்கள், மைசூர் பருப்பின் தட்டையான ருசி கொஞ்சம் எழும்பும். துவரம்பருப்புச் சாம்பாரின் உடம்பு அதில் வராது, அதை மறைக்க வேண்டியதில்லை. மஞ்சள் நிற உடைத்த பட்டாணி கிடைத்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம். அதை ஊறவைத்து முக்கால் மணி நேரம் தனியாக வேகவைக்க வேண்டும், விடுமுறை நாள் வேலை.

வெண்பொங்கல்

காய்கறி சூப் பொடிக் கட்டியை ஒன்று போட்டால் ருசி தூக்கலாக வரும், நான் போடுவேன்.

ஆய்வகத்து நித்யா

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். காய்கறிப் படம் போட்ட சூப்பிலும் சில சமயம் கோழிச் சாறு இருக்கும். கொழுப்பு குறைந்த தயிர் சிலவற்றில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள், மோர்க்குழம்புக்கு வாங்கும்போது பாலும் கல்ச்சரும் மட்டும் உள்ளதைப் பார்த்து எடுங்கள்.

புதுக்குடித்தனம்

இதை நான் நினைக்கவே இல்லை. இன்று இரவே தயிர் டப்பாவைப் பார்க்கிறேன்.

கடைசியாகக் கேல் கீரை. அதை மசியல் செய்ய முடியுமா?

மாடித்தோட்டம்

முடியாது. மத்து வைத்து எவ்வளவு கடைந்தாலும் இழை இழையாக நிற்கும். மசியலுக்கு உறைந்த பசலைக் கட்டிகளை வாங்குங்கள். உருகும் தண்ணீரே போதும், தனியாக ஊற்ற வேண்டாம்.

அடுப்படி அக்கா

கேல் பொரியலுக்கு. நடுத்தண்டை உருவி எறிந்து, இலையைச் சுருட்டி முடிந்த அளவு மெல்லியதாக நறுக்குங்கள். உப்பு தூவிக் கையால் ஒரு நிமிடம் பிசைந்தால் பாதியாகச் சுருங்கிவிடும். அப்புறம் தாளித்து, இரண்டு கைப்பிடித் தண்ணீர் தெளித்து மூடி 7, 8 நிமிடம். முருங்கைக்கீரை அளவுக்கு நேரம் எடுக்கும், அரைக்கீரைக் கணக்கில் இறக்கினால் மெல்ல முடியாது. கொஞ்சம் பருப்பை முக்கால் வேக்காட்டில் வடித்துச் சேர்த்தால் உசிலி மாதிரி வரும்.

பழையசோறு

கேலை நடுத்தண்டோடு போட்டால் என்ன? சத்து அதில்தான் என்று எங்கோ படித்தேன்.

மாடித்தோட்டம்

தண்டை உருவி, பொடியாக நறுக்கி, இலைக்கு ஐந்து நிமிடம் முன்னால் போடுங்கள். எனக்குப் பிடிக்கும், அக்காவுக்குப் பிடிக்காது.